பக்கத்து வீட்டைத் தேடி 500 பரிமாணங்களுக்குள்

என் கையில் வந்த அளவீட்டு அட்டவணையில் வரிசைகள் இருநூற்றுக்கும் குறைவு, நெடுவரிசைகள் ஐநூற்றுக்கும் மேல். ஒரு மாதிரிக்கு மிக அருகிலுள்ள k மாதிரிகளில் பெரும்பான்மை எந்த வகுப்போ அதையே அதற்கும் சூட்டுகிற கே-நியரஸ்ட் நெய்பர்ஸ் முறையில் வகைப்படுத்தினால் விடை நாணயம் சுண்டியதுபோலத்தான் வந்தது. எங்கே தவறு என்று அந்த அட்டவணையிலேயே தேடுவது வீண் என்று பட்டது. அதனால் விடை தெரிந்த ஒரு சிறிய தரவை எடுத்து, வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பார்த்தேன்.

எடுத்தது scikit-learn நூலகத்தோடு வரும் `load_wine`. இத்தாலியின் ஒரே வட்டாரத்தில், மூன்று திராட்சை ரகங்களிலிருந்து வந்த 178 ஒயின் மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 13 வேதியியல் அளவீடுகள். எதையும் மாற்றாமல் k=5 வைத்து ஓட்டினேன்; துல்லியம் 70 சதவீதத்தைத் தொடவில்லை.

காரணம் `proline` என்ற நெடுவரிசை. அதன் மதிப்பு 278 முதல் 1680 வரை போகிறது. நிறத்தைச் சொல்லும் `hue` 0.48 முதல் 1.71 வரைதான். இரண்டு ஒயின்களுக்கு புரோலினில் 100 வித்தியாசம், ஹ்யூவில் 1 வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது யூக்ளிட் தூரம். அந்தக் கூட்டலில் முதலாவது 10,000 சேர்க்கிறது, இரண்டாவது 1. ஹ்யூவில் 1 என்பது ஏறக்குறைய அதன் முழு வீச்சு. ஆனாலும் அது கணக்கிலேயே வரவில்லை. எல்லா நெடுவரிசைகளையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று ஆக்கியதும் துல்லியம் 95 சதவீதத்தின் பக்கம் ஏறிவிட்டது. தூரத்தை எப்படி அளப்பது என்ற கேள்வியில் பாதி, அலகைச் சரிசெய்வதுதான். வித்தியாசங்களை வர்க்கமாக்காமல் அப்படியே கூட்டும் மன்ஹாட்டன் தூரமா, யூக்ளிட் தூரமா என்பது அதற்குப் பிறகு.

அடுத்து k. பயிற்சித் தரவிலேயே சோதித்தால் k=1 எப்போதும் ஜெயிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு மாதிரிக்கும் மிக அருகில் இருப்பது அதுவேதான். மறுகோடியில், எல்லா மாதிரிகளையும் அண்டையாக எடுத்தால் எதைக் கேட்டாலும் பெரிய வகுப்பின் பெயரே வரும். 178இல் 71, அதாவது 40 சதவீதம் சரி. தரவை ஐந்து மடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்து மற்ற நான்கைக் கொண்டு சோதிக்கையில் ஒரு மடிப்பில் சுமார் 36 ஒயின்கள். ஒன்று தவறினாலே கிட்டத்தட்ட 2.8 சதவீதம் இறங்குகிறது. எனவே k=7 ஒரு துளி உயர்ந்து நிற்பதை நான் நம்பவில்லை. மடிப்புகளை வேறுவேறு விதமாகக் கலைத்துப் பத்து முறை ஓட்டி, மதிப்பெண் சமதளமாக இருக்கும் பகுதியின் நடுவிலிருந்து ஒரு k-ஐ எடுத்தேன்.

இப்போது கெடுக்கும் வேலை. 13 நெடுவரிசைகளுடன், ஒயினுக்குச் சம்பந்தமே இல்லாத, இயல்நிலைப் பரவலில் எடுத்த 500 சமவாய்ப்பு எண் நெடுவரிசைகளைச் சேர்த்தேன். துல்லியம் வெகுவாகச் சரிந்தது. மன்ஹாட்டனுக்கு மாறினேன், மீளவில்லை. k-ஐ ஏற்றினேன், கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

பேப்பரில் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சீரமைத்த ஒரு நெடுவரிசை, இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தில் சராசரியாக 2 சேர்க்கும். அப்படியென்றால் உண்மையான 13 நெடுவரிசைகளின் பங்கு மொத்தமாகவே 26. இரைச்சல் நெடுவரிசைகளின் பங்கு 1000. அந்த 1000 எல்லா ஜோடிக்கும் ஒரே அளவாக இருந்தால் பாதகமில்லை, யார் அருகில் என்ற வரிசை மாறாது. ஆனால் அது ஜோடிக்கு ஜோடி ஆடுகிறது. ஒரு இரைச்சல் நெடுவரிசையின் பங்குக்குத் திட்ட விலக்கத்தின் வர்க்கம் 8, எனவே மொத்த ஆட்டத்தின் திட்ட விலக்கம் √(500×8), சுமார் 63. ஒயின் சொல்லவரும் சேதி முழுவதும் 26, அதன் மேல் 63 ஆடும் இரைச்சல். அண்டை என்று வந்து நின்றவர்கள் பெரும்பாலும் தற்செயலாக வந்தவர்கள்.

நெடுவரிசைகள் பெருகப் பெருகத் தூரம் அர்த்தமிழப்பதைப் பரிமாணச் சாபம் என்பார்கள். அதை இன்னொரு முகத்திலும் பார்க்கலாம். ஓரலகுச் சதுரத்துக்குள் புள்ளிகளைச் சீராகத் தூவினால், இரு புள்ளிகளுக்கு இடையிலான சராசரித் தூரம் 0.52, திட்ட விலக்கம் 0.25. ஆயிரம் பரிமாணத்தில் சராசரி 12.9 ஆகிவிடுகிறது, விலக்கமோ அதே 0.24. தூரம் வளர்கிறது, தூரங்களுக்கு இடையிலான வேறுபாடு வளரவில்லை. அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே தொலைவில் நிற்கிறார்கள்.

ஒயினை மீட்டது நெடுவரிசைத் தேர்வு:

```python
pipe = make_pipeline(
    StandardScaler(),
    SelectKBest(f_classif, k=13),
    KNeighborsClassifier(n_neighbors=15))
cross_val_score(pipe, X, y, cv=cv)
```

இங்கே `SelectKBest`இல் வரும் `k` நெடுவரிசைகளின் எண்ணிக்கை, அண்டைகளின் எண்ணிக்கை அல்ல. தேர்வு `make_pipeline` கட்டும் குழாய்க்குள்ளேயே, அதாவது ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கான மடிப்புகளை மட்டும் பார்த்து, நடக்க வேண்டும். முழுத் தரவையும் பார்த்து முதலில் தேர்ந்துவிட்டுப் பிறகு மடிப்புகளாகப் பிரித்தால், வெறும் இரைச்சலிலும் நல்ல மதிப்பெண் வரும். என் முதல் முயற்சியில் அதைத்தான் செய்திருந்தேன்.

நெடுவரிசை அதிகம் என்பதே சாபம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்து இலக்கங்களின் எம்னிஸ்ட் தரவில் ஒரு படத்துக்கு 784 புள்ளிகள். அங்கே இதே எளிய முறை 95 சதவீதத்தைத் தாண்டுகிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்தே மாறுவதால், அந்தத் தரவு உண்மையில் மிகக் குறைந்த பரிமாணத்தில்தான் வாழ்கிறது.

என் அட்டவணைக்குத் திரும்பியதும், துல்லியத்தைப் பார்க்கும் முன் ஒன்றைக் கணக்கிட்டேன்: ஒவ்வொரு வரிசைக்கும், மிக அருகிலுள்ள அண்டையின் தூரத்தை எல்லோருக்குமான சராசரித் தூரத்தால் வகுத்தேன். விடை 1-ஐ ஒட்டியே நின்றது. அதற்குப் பிறகு k-ஐத் தொடவில்லை. நெடுவரிசைகளைக் களையத் தொடங்கினேன்.