பாதத்தில் நிற்க வைக்கிறேன்

நான் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்த நாள்களில், சிவனொளிபாத மலை இருக்கும் திசையை நோக்கி என் அம்மா வைத்துக்கொண்ட நேர்த்தி ஒரே ஒரு வரிதான்: “அப்பனே, இந்தப் புள்ளைய ஒன் பாதத்துல கொண்டாந்து நிக்க வைக்கிறேன்.” முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து, மேட்டிலும் பள்ளத்திலும் நின்றே காலம் கழித்த அவருக்கு அந்தச் சொல் இயல்பாக வந்திருக்க வேண்டும். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு எழுந்து நடமாடத் தொடங்கிய எனக்கோ, அந்த வரியில் இருந்த மிகப் பெரிய சொல் ‘நிற்க’ என்பதுதான் என்று புரிந்தது.

நோயின் பெயரையும் அதற்குச் செய்த வைத்தியத்தையும் இங்கே எழுத நான் விரும்பவில்லை. நோய் விலகிய பின்னரும் உடல் உடனே திரும்பி வருவதில்லை என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதி வரை என்னால் மெதுவாக நடந்துவிட முடிந்தது. ஆனால் கடையில் சாமான் நிறுக்கும் வரை ஓரிடத்தில் அசையாமல் நின்றால் காது அடைத்து, கண் இருண்டு, வியர்த்துக் கொட்டியது. நடப்பவளுக்கு நிற்க முடியாதா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பதில் தெரியாமலேயே சென்ற வருடம் மலைக்குப் போனோம். பாடசாலை விடுமுறை கிடைத்ததே என்று பௌர்ணமிப் போயா தினத்தை ஒட்டிப் புறப்பட்டது எங்கள் தவறு. நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே அறை வேண்டுமா, வேன் வேண்டுமா என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்த பின்னரும் ஒன்றுக்கு இரண்டாக விலை சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். சீதகங்குலையில் முகம் கழுவி, இந்திகட்டுபானையில் வழக்கப்படி ஊசியில் நூல் கோத்துக் கட்டி, செங்குத்தான படிகள் தொடங்கும் இடம் வரை நன்றாகவே ஏறினேன். அதற்கு மேல் சனம் நகரவில்லை. ஒரு படி ஏறிவிட்டுப் பத்து நிமிடம் நிற்க வேண்டும், மறுபடி ஒரு படி. முன்னாலும் பின்னாலும் நெருக்கியதால் உட்காரவும் இடமில்லை. சிறிது நேரத்தில் சுற்றிலும் கேட்ட அரோகரா ஒலி எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோலக் கேட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டேன். வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்களத் தாய் தன் பையைக் கீழே வைத்து அதன்மேல் என் தலையைச் சாய்த்து, போத்தலில் இருந்த கொத்தமல்லித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருக்கினார். அவர் யாரோ, எந்த ஊரோ, இன்றும் விளக்கேற்றும்போது அவருக்காக ஒரு கணம் கும்பிடுகிறேன். பாதம் இருக்கும் மண்டபத்தின் விளக்குகள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் எரிந்துகொண்டிருக்க, “அப்பன் எங்கயும் போயிட மாட்டாரு, வா தாயி” என்று சொல்லி அம்மா என்னைத் திருப்பி அழைத்துவந்தார். மறுநாள் நன்றாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. பத்து நாள்கள் படுக்கையோடு கிடந்தேன். அந்தப் பத்து நாள்களில் அப்பனோடு நான் சண்டை போட்டது உண்மை.

கிளினிக்கில் பிசியோதெரபி தரும் மிஸ்தான் காரணத்தைச் சொன்னார். நெடுநாள் படுத்தே கிடந்தவர்களுக்குக் கெண்டைக்கால் தசை மெலிந்துவிடும், உடலில் ஓடும் இரத்தத்தின் அளவும் குறைந்துவிடும். நடக்கும்போது தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது அது காலிலேயே தேங்கி, தலைக்குப் போவது குறைந்துவிடுகிறது. ஆகவே நடையைப் பழகியதுபோல நிற்பதையும் தனியாகப் பழக வேண்டும் என்றார். வரிசையில் நிற்க நேர்ந்தால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், காலைப் பின்னித் தொடையை இறுக்க வேண்டும், காது அடைக்கத் தொடங்கிய உடனேயே வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். பாரம் கூடியதா என்பதை மறுநாளை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, மூன்றாம் நாள் வரை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இவையெல்லாம் என் உடலைப் பார்த்து எனக்குச் சொன்னவை. வேறு நோயிலிருந்து எழுந்தவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

எங்கள் குசினியில்தான் பழகினேன். அம்மா ரொட்டி சுடும்போது அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் நிற்பேன். மூன்றாம் நாளும் உடல் சோராமல் இருந்தால்தான் ஒரு நிமிடம் கூட்டுவது. சோர்ந்தால் பழைய கணக்குக்கே திரும்புவது. பன்னிரண்டு நிமிடம் வரை வந்து, மறுபடி ஏழுக்கு இறங்கிய மாசி மாதத்தில் மிகவும் அழுதேன். சுவரை விட்டு விலகி, கடைசி ரொட்டி வேகும் வரை நிற்க எட்டு மாதங்கள் ஆயின.

இந்த வருடம் போயாவும் இல்லாத, வார இறுதியும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கே ஏறத் தொடங்கினோம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை விடியலுக்கு முன் ஓடி ஏற வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டோம். பேசிக்கொண்டே ஏற முடியும் வேகத்தில் இருபது படி, பிறகு உட்காருவது. மூச்சு அடங்கிய பின் மறுபடி இருபது. எங்களைத் தாண்டிச் சென்றவர்கள் “கருணாவை” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். இந்திகட்டுபானையில் அம்மாவால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் வாங்கி முதல் தடவையிலேயே கோத்துக் கொடுத்தேன். சோற்றை அள்ளக்கூட நடுங்கிய விரல்கள் இவை என்பதை இருவருமே நினைத்திருப்போம், பேசிக்கொள்ளவில்லை.

உச்சியில் செருப்பைக் கழற்றியதும் சீமெந்துத் தரையின் குளிர் எலும்பு வரை ஏறியது. அன்றும் வரிசை இருந்தது, ஆனால் நகர்ந்தது. குதிகாலைத் தூக்கி இறக்கியபடியே நின்றேன், ஒரு தடவை உட்கார்ந்தும் எழுந்தேன். சந்நிதிக்குள் நமக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், நகரச் சொல்கிறார்கள், அவ்வளவு தூரம் ஏறி வந்தவர்களை அப்படி விரட்டக் கூடாது. ஆனால் அந்தச் சில நொடிகளில் என்ன கேட்க வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் மறந்துபோயின. நெற்றியைத் தாழ்த்தி நிமிர்ந்தபோது அம்மாவின் உள்ளங்கை என் முதுகில் இருந்தது, நடை பழகும் பிள்ளைக்குப் பிடிப்பதுபோல. பிறகு அந்தக் கையை எடுத்துக்கொண்டார். “நிக்க வச்சிட்டேன் சாமி” என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்பனே, உன்னோடு சண்டை போட்டவளையும் நிற்க வைத்தாயே, எந்த வாயால் நன்றி சொல்வேன்! சூரியன் எழுந்ததையும் மலையின் நிழல் விழுந்ததையும் நான் சரியாகப் பார்க்கவே இல்லை, அழுதுகொண்டிருந்தேன். மணியடிக்கும் முறை வந்தபோது, பிள்ளைப் பருவத்தில் வந்த இரண்டு தடவைகளோடு இதையும் சேர்த்து மூன்று முறை அடித்தேன்.

இறங்கும்போது முழங்கால் நடுங்கியதால் பக்கவாட்டில் திரும்பி, படிக்குப் படி கம்பியைப் பிடித்தே வந்தேன். வியாழக்கிழமை பகலெல்லாம் படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா தேத்தண்ணீரோடு வந்து, ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்தார். மூன்றாம் நாள் அல்லவா? கட்டிலின் ஓரத்தில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, அவருக்குப் பின்னாலேயே குசினிக்குப் போய், மாவு முழுவதும் ரொட்டியாகி முடியும் வரை நின்றேன்.