'கரை' என்று பெயர் வைக்க வேண்டாம்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் திருமணத் தகவல் சேவை தொடங்குபவர்கள் பெயருக்கு உட்கார்ந்தால் முதலில் எழுதுவது 'கரை'. கடல் இருக்கிறது, சின்ன சொல், எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் பெண்ணைப் பெற்றவர்கள் மனதில் ஓடுவது கடல் இல்லை, 'பொண்ணை எப்படியாவது கரை சேர்க்கணும்' என்ற பேச்சு. பெண்ணைச் சுமையாக்கும் சொல் அது. பலகையில் எழுதினால், படி ஏறுவதற்கு முன்பே அந்தத் தாயிடம் 'இன்னும் ஆகலையா?' என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

'சீக்கிரம்', 'உடனடி', '30 நாளில்' போன்ற அவசரச் சொற்கள் ஆபத்தானவை என்பது பலருக்குத் தெரியும். கரை மாதிரி வெளியே அழகாக இருந்து உள்ளே அவசரப்படுத்தும் சொற்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 'திண்ணை'யும் அப்படித்தான். கேட்க இதமாக இருக்கும். ஆனால் திண்ணை தெருவே உட்கார்ந்து பேசும் இடம், மகள் போட்டோவை அங்கே யார் கொடுப்பார்கள்?

அடுத்தது, எந்த வீட்டையும் வெளியே நிறுத்தாத சொல். இந்தக் கரையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. 'மாங்கல்யம்' என்றால் ஒரு பகுதி விலகும், 'நிக்காஹ்' என்றால் இன்னொரு பகுதி. ஒரே சமூகத்துக்கான சேவை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம், தவறில்லை. பொதுச் சேவை என்றால்தான் சிக்கல். 'புகுந்த வீடு' அழகான பெயர்தான். ஆனால் கீழக்கரையில் பல குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். அங்கே இந்தப் பெயர் பொருந்தாது.

கீழக்கரையில் தொடங்கி மண்டபம், தொண்டி வரை போகும் ஒரு பொதுச் சேவையை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் கடைசியாக நிற்கும் பெயர்கள் 'முற்றம்', 'இருவீட்டார்'. முற்றம் வீட்டுக்கு உள்ளே, வானம் பார்த்த இடம். தெருவுக்குத் தெரியாது, மூச்சும் முட்டாது. அர்த்தத்தில் குறையே இல்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள்: MUTRAM. வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் போனில் இந்த வரி வந்து விழும்போது, பக்கத்துப் படுக்கையில் இருக்கும் இந்தி பேசும் நண்பர் அதைச் சிறுநீர் என்று படிப்பார். தமிழ்ப் பலகையில் தங்கமான பெயர், செல்போன் திரையில் கேலி. இந்தப் பெயரைக் கைவிடுவதுதான் நல்லது. சொல்ல மனசு வராது, ஆனாலும்.

'இருவீட்டார்' பத்திரிகையில் எல்லா மதத்தாரும் போடும் சொல். ஒரு வீடு மேல், ஒரு வீடு கீழ் என்ற தொனி அதில் இல்லை. 'இரு வீடு' என்று சுருக்கிவிடக் கூடாது. அது சின்ன வீட்டுப் பேச்சாகிவிடும்.

பெயரைச் சோதிக்க எளிய வழி உண்டு. கூடத்தில் நான்கு பேர் இருக்கும்போது அம்மாவுக்கு போன் வருகிறது, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். "வணக்கம்மா, இருவீட்டார்ல இருந்து பேசுறோம், இப்ப பேசலாமா?" அவர் எழுந்து உள்ளே போக வேண்டியிருந்தால் பெயர் தோற்றது. இந்தப் பெயரிலும் கல்யாண வாசனை கொஞ்சம் வரத்தான் செய்கிறது. அதனால் கூடவே 'திருமணத் தகவல் மையம்' என்ற வாலைச் சொல்லாமல் விட்டால் போதும். வாட்ஸ்அப் பெயரிலும் கூரியர் கவரிலும் அந்த வால் வேண்டாம். பலகையிலும் பதிவுப் படிவத்திலும் இருக்கட்டும்.

இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ரகசியம் காக்கிறோம் என்று வாலை மட்டும் எடுக்காமல் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர், யுபிஐ-யில் பணம் அனுப்பினால் உரிமையாளரின் சொந்தப் பெயர். பணம் கட்டும் அப்பா அந்தத் திரையைப் பார்த்ததும் "இது யாரு?" என்பார். ஜாதகமும் போட்டோவும் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், இப்போது சந்தேகம். ஆகவே கார்டு அச்சடிக்கும் முன்பே சேவையின் பெயரில் நடப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். யுபிஐ-யில் வங்கிக் கணக்கின் பெயர்தான் காட்டும்.

வணிகச் சின்னப் பதிவில் இந்தச் சேவை 45-ஆம் வகுப்பு. வெறும் 'திருமணத் தகவல் மையம்' என்றால் தொழிலையே விவரிக்கும் சொல் என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் மறுப்பு வரும். 'இருவீட்டார்' பத்திரிகைச் சொல் என்பதால் அதற்கும் எதிர்ப்பு வரலாம். எழுத்து வடிவமும் சின்னமும் சேர்த்துக் கேட்டால் வாய்ப்பு கூடும். ஆங்கில எழுத்தை Iruveettar என்று ஒரே மாதிரி முடிவு செய்து, முதல் கார்டிலிருந்தே அதையே போடுங்கள்.