செத்த காக்கையும் முகமூடியும்

காலையில் மின்கம்பத்தடியில் ஒரு காக்கா விழுந்து கிடந்தது. ஐந்தே நிமிடத்தில் கம்பி, மதில், மரக்கிளை எங்கும் காக்கைகள். தொண்டை கிழியக் கத்தின. ஆனால் ஒன்றுகூட கீழே இறங்கவில்லை.

துக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் சியாட்டிலில் கெய்லி ஸ்விஃப்ட், ஜான் மார்ஸ்லஃப் என்ற இரண்டு பறவை ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். முதலில் ஓரிடத்தில் காக்கைகளுக்குத் தினமும் தீனி வைத்துப் பழக்கினார்கள். அப்புறம் முகமூடி போட்ட ஓர் ஆள், பாடம் செய்த செத்த காக்கையைக் கையில் ஏந்தி அங்கே வந்து நின்றார். உடனே கூச்சல், கூட்டம். அடுத்த நாட்களில் தீனியை எடுக்கவே தயங்கின. அதே முகமூடி வெறுங்கையோடு வந்தபோதும் திட்டித் தீர்த்தன, ஆறு வாரம் கழித்தும்! செத்த புறாவை ஏந்தி நின்றபோது இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை.

ஆக, அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஒரு விசாரணை: இங்கே என்ன ஆபத்து, யார் காரணம்? கத்தல் மற்றவற்றை வரவழைக்கிறது. சம்பவத்தைப் பார்க்காத காக்கைக்கும் அந்த முகம் அறிமுகமாகிவிடுகிறது. துக்கம் அறவே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அது வேறு கேள்வி.

சரி, அந்தக் காக்கையை முறத்தில் அள்ளி எடுத்தது நான்தான். இப்போது மாடிக்குப் போகவே யோசனையாக இருக்கிறது.