"நாலு வருஷம் வீட்ல என்ன பண்ணீங்க?"

எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பில் சேர்வதற்காக 2023-இல் ஒரு கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். கோப்பைப் புரட்டிய ஒருவர் முதலில் கேட்டது இந்தக் கேள்விதான். "அப்பத்தாவுக்கு உடம்பு சரியில்ல சார், பாத்துக்கிட்டேன்" என்றேன். "சரி, இப்ப காலேஜுக்கு எப்படி வருவீங்க? வாரத்துல ரெண்டு நாள் களப்பணி வேற இருக்கே?" என்றார். "சமாளிச்சுப்பேன் சார்" என்றேன். பக்கத்தில் இருந்தவர் "பொறுப்பான புள்ளை" என்று சொல்லிக் கோப்பை மூடினார். இடம் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் வேறு கல்லூரியில் கிடைத்தது. இரண்டு நேர்காணலுக்கும் நடுவில் என் வீட்டு நிலைமை ஒன்றும் மாறிவிடவில்லை. அதே அப்பத்தா, எட்டாவது முடித்து ஒன்பதாவது போன அதே தங்கச்சி, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் அதே அப்பா அம்மா. நான் பதில் சொன்ன விதம்தான் மாறியது. வீட்டில் பெரியவரையோ தம்பி தங்கையையோ பார்த்துக்கொண்டே படித்தவர்கள் நேர்காணலுக்குப் போகும்போது உதவும் என்று அதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2019-இல் நான் பிளஸ் டூ முடித்த சமயத்தில் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு யாரும் ஊருக்கு வர முடியாது. அதனால் நான் இக்னோவில் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சேர்ந்து வீட்டோடு இருந்துவிட்டேன். ஆம்பளைப் பையன் டயப்பர் மாற்றுவதைப் பற்றித் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

முதலில் திறமை விஷயம். "பொறுமை கற்றுக்கொண்டேன், பொறுப்பு வந்தது" என்று நேர்காணலில் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் யாருக்கும் அது நினைவிலும் நிற்காது. எல்லோரும் சொல்வது அதைத்தான். அதற்குப் பதில் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, என்ன பார்த்தேன், எதை எழுதி வைத்தேன், யாரிடம் எப்படிச் சொன்னேன், அதனால் என்ன ஆனது என்று முழுதாகச் சொல்லலாம். நான் எடுத்துக்கொண்ட சம்பவம் இது.

படுக்கையில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு எலும்புக்கு மேல் படுக்கைப்புண் வந்துவிடும். கடைசியாக எப்போது திருப்பினோம் என்பது மறந்து போவதால் ஒரு 80 பக்க நோட்டில் மணி போட்டு எழுத ஆரம்பித்தேன். அப்புறம் அதிலேயே தண்ணீர், கஞ்சி எவ்வளவு உள்ளே போனது, எத்தனை டயப்பர் ஈரமானது என்பதும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது வருடம் ஒரு வாரம் அப்பத்தா பகலெல்லாம் தூங்கினார். எழுப்பினால் என்னை எங்கள் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு நாளைக்கு 1,400 மில்லி போய்க்கொண்டிருந்த தண்ணீர் 700-க்கு வந்திருந்தது. டயப்பர் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்தது. இருமுகிறாரே என்று தங்கச்சியும் நானும் எங்களை அறியாமலே டம்ளரைச் சீக்கிரம் எடுத்துவிட்டோம்.

டாக்டருக்குப் போன் செய்து இதைத்தான் வரிசையாகச் சொன்னேன்: வயது, என்ன நோய், எத்தனை நாளாக மாற்றம், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, சிறுநீர் நிறம், காய்ச்சல் எத்தனை. சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். கிருமித் தொற்று இருந்தது. மருந்து கொடுத்ததும் நாலு நாளில் தெளிந்துவிட்டார். இருமலுக்குக் காரணம் வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குத் தண்ணீர் போல நீர்த்தது தொண்டையில் சட்டென்று இறங்கி மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, ஸ்பூன் ஸ்பூனாக, கெட்டியான கேழ்வரகுக் கூழாகக் கொடுக்கச் சொல்லித் தந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை இரண்டாவது நேர்காணலில் மூன்று நிமிடத்தில் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "சமூகப் பணியில் கேஸ் ரெக்கார்ட் எழுதுவது பாதி வேலை என்று படித்தேன், அதற்கு எனக்குப் பழக்கம் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கு மேல் ஏற்றிச் சொல்லவில்லை. நர்ஸ் செய்வதெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். இன்னொன்று, அழ வைக்கப் பார்க்கக் கூடாது. முதல் நேர்காணலில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதைப் பார்த்து அவர்கள் பரிதாபப்பட்டார்கள். பரிதாபப்பட்டவர்கள் அடுத்து நினைப்பது "பாவம், இவனுக்கு இந்தப் படிப்பு பாரம்" என்பதுதான்.

இனி நேரம் பற்றிய கேள்வி. கஷ்டமானது இதுதான், அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. 75 சதவீத வருகை வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, ஊரிலிருந்து மதுரைக்குப் பஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை.

நேர்காணலுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு வாரம் முழுவதையும் அரை மணி அரை மணியாகக் குறித்தேன். வாரத்துக்கு 336 கட்டம் வரும். பராமரிப்புக்குப் போன கட்டங்களை மட்டும் கூட்டினால் 46 மணி நேரம். அதை மூன்றாகப் பிரித்தேன். நானேதான், அந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்பவை 14 மணி நேரம்: காலையில் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, இரவில் திருப்பிப் படுக்க வைப்பது. சொல்லிக் கொடுத்தால் வேறு ஒருவர் செய்யலாம் என்பவை 19. எந்த நேரத்திலும் செய்யலாம் என்பவை, அதாவது துணி துவைப்பது, மாத்திரை வாங்குவது, ரேஷன், 13. கல்லூரி நேரத்தோடு மோதுவது அந்த 19 மணி நேரம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை எனக்கு முழு நாளும் மோதுவது போலத்தான் இருந்தது.

எதிர்வீட்டில் இருக்கும் சித்தியிடம் பேசினேன். சும்மா கேட்கவில்லை. அவர் நூறு நாள் வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஈடாக அப்பா மாதம் 3,000 ரூபாய் தருவதாகப் பேச்சு. காலை ஏழிலிருந்து நாலே முக்கால் வரை சித்தி, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் தங்கச்சி. தங்கச்சிக்குத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை கிடையாது, கூழும் பேச்சுத்துணையும் மட்டும். அதை நேர்காணலிலும் தெளிவாகச் சொன்னேன். ஏனென்றால் "உங்க படிப்புக்காகத் தங்கச்சி படிப்பு போகுமா?" என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

திட்டத்தைப் பேப்பரில் காட்டுவதோடு விடாமல் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். தினமும் ஏழு மணிக்குக் கிளம்பி சிவகங்கை நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறரைக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் சித்தி தண்ணீரை அப்படியே டம்ளரில் கொடுத்துவிட்டார், அப்பத்தாவுக்கு ஒரே இருமல். கூழ் எந்தப் பதம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஸ்பூனைச் சாய்த்தால் ஓடக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். ஒன்பதாம் நாள் சித்தி ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். மதியம் யாரும் இல்லை. அதனால் தெருக்கோடி வீட்டு அக்காவை இரண்டாவது ஆளாகப் பழக்கினேன். ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால் இது கல்லூரி சேர்ந்த முதல் மாதம் நடந்திருக்கும்.

எப்போது நான் வகுப்பை விட்டு ஓடி வருவேன், எப்போது வர மாட்டேன் என்பதையும் முன்பே முடிவு செய்தோம். லேசான காய்ச்சல், சிறுநீர் குறைவு, தோலில் சிவப்பு என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளருக்குப் போன், எனக்கு மெசேஜ். மூச்சுத் திணறல், எழுப்பினால் எழாமல் இருப்பது, வாய் திடீரென்று கோணுவது என்றால் உடனே 108, அப்புறம் எனக்குப் போன், நான் கிளம்பிவிடுவேன். ஒரு பருவத்தில் 90 வேலை நாள் என்று வைத்தால் 22 நாள் வரை விடுப்பு தாங்கும். நான் பத்து நாளுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன் என்றேன்.

"வீட்டிலிருந்து படித்த பி.ஏ. தானே?" என்றும் ஒருவர் கேட்டார். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. என் பட்டத்துக்கு 132 கிரெடிட், அதாவது 3,960 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிக்கலாம், ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. நான் நாலு வருடம் எடுத்தேன், வாரத்துக்குச் சுமார் 19 மணி நேரம் வந்தது. அப்பத்தா ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஒரு முறை இரண்டு தாள் எழுத முடியவில்லை, அடுத்த முறை எழுதினேன். அதை நானாகவே சொல்லிவிட்டேன். மதிப்பெண் பட்டியலில் மாதம் பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு மேடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். அப்பத்தா பெயர் இருந்த முதல் பக்கத்தைக் கிளிப் போட்டு மறைத்துத்தான் கொண்டு போயிருந்தேன், அதையும் கவனித்தார். புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க நாலு நாள் ஒண்ணுமே எழுதலையே?" என்றார். எனக்கு அப்போது காய்ச்சல், தங்கச்சியை எழுதச் சொல்லியிருந்தேன், அவள் மறந்துவிட்டாள் என்றேன். "அதுக்கப்புறம்?" என்றார். இப்போது தங்கச்சி எழுதுவது நோட்டில் இல்லை, கட்டிலுக்கு மேலே தொங்கும் காலண்டரில், தேதிக்குக் கீழே கோடு போட்டால் போதும் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, களப்பணிக்கு எந்தக் கிழமைகள் வசதிப்படும் என்று கேட்டார்.