பில்லில் அடித்துவிட்ட இரண்டு வரி

அக்காவுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயத்தின் மைட்ரல் வால்வில் லீக் இருந்தது. 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம் சில வருடத்தில் அதை விட்டுவிட்டாள். இப்போது வயது 41. மூச்சு வாங்கியதில்லை, வீட்டு வேலை எல்லாம் செய்வாள். லீக் இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

போன வருடம் மாலை ஆனால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. 100, 101, அதற்கு மேல் போகாது. இரவில் வியர்த்து நைட்டி நனைந்துவிடும். ஊர் கிளினிக்கில் வைடால் டெஸ்ட் எடுத்து, டைபாய்டு என்று ஏழு நாள் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது. ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. சரி, ஊசி போட்டுப் பார்ப்போம் என்று செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், ஐந்து நாள். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. அதற்குள் ஐந்து கிலோ இளைத்துவிட்டாள். வால்வு லீக் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. "காய்ச்சலுக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்" என்றாள் பிற்பாடு.

திருச்சியில் பார்த்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் ரொம்ப நேரம் வைத்திருந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். விரல் நகங்களைத் திருப்பிப் பார்த்தார். நகத்துக்கு அடியில் சிம்பு குத்தியது போல மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள் இருந்தன. பாத்திரம் தேய்த்ததில் வந்தது என்று அக்கா நினைத்திருந்தாள். எண்டோகார்டைட்டிஸாக இருக்கலாம், அதாவது வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். பழுதான வால்வு, செயற்கை வால்வு, பிறவி இதயக் கோளாறு, பேஸ்மேக்கர், டயாலிசிஸ் குழாய், முன்பே ஒருமுறை இது வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் நாள்பட்ட காய்ச்சல் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர், மூன்று செட் எழுதினார். "அதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது" என்றார்.

சீட்டை பில்லிங் கவுண்டரில் கொடுத்தேன். அங்கிருந்தவர், "ஒரே டெஸ்ட் மூணு தடவை விழுந்திருக்கு சார், இன்சூரன்ஸ்ல தள்ளிடுவாங்க" என்று இரண்டு வரியை அடித்துவிட்டார். காசு மிச்சம் என்று நான் அவருக்கு நன்றி வேறு சொன்னேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

மிஞ்சிய ஒரே செட்டையும் கையில் ஏற்கெனவே போட்டிருந்த ஊசிக் குழாயிலிருந்தே எடுத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பாட்டிலில் வளர்ச்சி என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் வளர்ந்தது எல்லோருடைய தோலிலும் இருக்கிற கிருமி. ரத்தத்தில் இருந்து வந்ததா, குழாயில் ஒட்டியிருந்ததா? சொல்ல வழியில்லை. மூன்று செட் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வெவ்வேறு இடத்தில் மூன்று புது ஊசிக் குத்து, முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம். வால்வில் உட்கார்ந்த கிருமி ரத்தத்தில் ஓயாமல் கலந்துகொண்டே இருக்கும், அதனால் எல்லாக் குத்திலும் அதே கிருமி வர வேண்டும். தோல் அழுக்கு என்றால் ஒன்றில் வரும், மற்றதில் வராது. குளிர் நடுக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி ரத்தம். அளவு குறைந்தால் கிருமி சிக்கும் வாய்ப்பும் குறையும்.

டாக்டர் கவுண்டருக்கே இறங்கி வந்து சத்தம் போட்டார். மறுபடி மூன்று செட் எடுத்தார்கள். பிரஷர் நன்றாக இருந்தது, மூச்சுத் திணறல் இல்லை, அதனால் மருந்து தொடங்காமல் காத்திருந்தார். அவற்றில் ஏதாவது மாறியிருந்தால் ரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற்றியிருப்பேன் என்றும் சொன்னார்.

நெஞ்சுக்கு மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் லீக் அதிகமாகத் தெரிந்தது. கிருமிக் கட்டி தெரியவில்லை. லீக் புதிதாகக் கூடியதா, பழசா? பழைய ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். ஊருக்கு பஸ் ஏறி, பீரோ, பரண் எல்லாம் கவிழ்த்து, கடைசியில் ரேஷன் கார்டு பையில் கிடைத்தது. 2009 ரிப்போர்ட், படம் முழுக்க வெளிறிப் போயிருந்தது, 'லேசான கசிவு' என்று தட்டச்சு செய்த வரி மட்டும் பிழைத்திருந்தது. அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. உங்கள் வீட்டில் வால்வுக் கோளாறு உள்ளவர் இருந்தால் அந்தத் தாளை இன்றைக்கே போனில் படமெடுத்து வையுங்கள்.

அடுத்தது உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ. இதயத்துக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பதால் சின்னக் கட்டியும் தெரியும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்லியிருந்தார்கள். அக்கா டீ குடித்துவிட்டாள். "டீ சாப்பாட்டுலயா சேர்த்தி?" ஒரு நாள் போச்சு. மறுநாள் எடுத்தபோது வால்வின் இதழில் 8 மில்லிமீட்டரில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே கல்ச்சரும் வந்தது. மூன்று செட்டிலும் ஒரே ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வாயில் வாழும் வகை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு சொத்தையாகி ஒரு வருடம் ஆகிறது என்பதை அக்கா அப்போதுதான் சொன்னாள்.

மருந்து: செஃப்ட்ரியாக்சோன், தினம் 2 கிராம், நான்கு வாரம். "அதே ஊசிதானே ஊர்ல போட்டாங்க?" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. டாக்டர் பேனாவால் வரைந்து காட்டினார். அந்தக் கட்டி ரத்தம் உறைந்த வலை போன்றது, கிருமி அதற்குள் புதைந்து கிடக்கிறது. உள்ளே ரத்தக் குழாய் கிடையாது, வெள்ளையணுக்கள் புக முடியாது. மருந்து வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊறித்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் கிருமிகள் மெதுவாகத்தான் பெருகும்; இந்த வகை மருந்தோ பெருகுகிற கிருமியைத்தான் கொல்லும். ஐந்து நாள் ஊசி ரத்தத்தில் மிதந்ததை மட்டும் கழுவிவிட்டது. அதனால்தான் காய்ச்சல் நின்று நின்று வந்தது. செயற்கை வால்வாக இருந்தால் ஆறு வாரமாம்.

நாள் கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். கல்ச்சர் முதன்முதலாகச் சுத்தமாக வந்த நாளிலிருந்துதான். நான் லீவு எழுதிக் கொடுத்த கணக்கு அங்கே உதைத்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. உடனே இன்சூரன்ஸிலிருந்து கேள்வி: காய்ச்சலே இல்லாதவருக்கு ஏன் படுக்கை? கட்டியின் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அப்புறம் அடங்கினார்கள். மீதி இரண்டு வாரம் வீட்டிலிருந்து தினமும் போய் ஊசி. நடுவில் அந்தப் பல்லையும் பிடுங்கியாயிற்று. ஒருமுறை இது வந்தவர் என்பதால், இனி பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போனால் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அக்காவுக்கு மறுபடி காய்ச்சல். கிளினிக்கில் எழுதிய ஆன்டிபயாடிக் சீட்டை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, நேராகத் திருச்சி பஸ் ஏறிவிட்டாள். கவுண்டரில் அதே ஆள். "மூணும் போடுங்க தம்பி, ஒண்ணையும் அடிக்காதீங்க" என்றாளாம். ஐந்தாம் நாள் மூன்று செட்டிலும் வளர்ச்சி இல்லை என்று வந்தது. அதற்குள் காய்ச்சல் தானாகவே போய்விட்டது.