பதிவேட்டின்படி என் மாமா இன்னும் உள்ளே இருக்கிறார்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. மூன்று பிளாக், 72 வீடுகள், ஒரு கேட், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு பேனா. பேனா தொலைந்துவிடக் கூடாது என்று நூல் கட்டி மேசைக்காலோடு முடிந்து வைத்திருந்தார்கள். அந்த நூல் பெயர், ஊர், வண்டி எண், வீட்டு எண், நோக்கம், கைப்பேசி எண், வந்த நேரம் வரை தாராளமாக நீளும். கடைசியில் இருக்கும் ‘வெளியே சென்ற நேரம்’ கட்டத்தை மட்டும் எட்டாது.

அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. உள்ளே வருபவரைத்தான் காவலர் நிறுத்துவார். வெளியே போகிறவர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார். உணவு கொண்டுவரும் பையனுக்கு அடுத்த ஆர்டர் காத்திருக்கும். அவன் போகும் நேரத்தில் காவலர் இன்னொருவருக்காக வீட்டுக்காரரைப் போனில் பிடித்துக்கொண்டிருப்பார். பகல் காவலர் அதற்கொரு வழி வைத்திருந்தார். இரவு எட்டு மணிக்குப் பணி மாறும் முன், காலியான கட்டங்களில் 7.45, 7.45, 7.45 என்று மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் எழுதிவிடுவார். ஒரே மை, ஒரே கை, எல்லா நேரமும் சுழியிலோ ஐந்திலோ முடிகிறது என்றால் அது காவல் அல்ல, கையெழுத்துப் பயிற்சி. எந்தக் குடியிருப்பின் நோட்டைப் புரட்டினாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பி பிளாக்கில் நிச்சயதார்த்தம். அன்றைக்குப் பார்த்துப் பகல் காவலர் அவசரமாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், 7.45 எழுதப்படவில்லை. இரவு பத்து மணிக்கு சி பிளாக் அம்மாள் ஒருவர் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவன் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு நடந்தானாம். அவர் துணியை விட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார். ஐந்தே நிமிடத்தில் கேட்டில் கூட்டம். எங்கள் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “பதறாதீர்கள், உள்ளே இருக்கும் வெளியாள் யார் யார் என்று நோட்டே சொல்லிவிடும்” என்று பதிவேட்டைத் திறந்தார்.

நோட்டு சொன்னது: 43 பேர் உள்ளே இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி நோக்கம் கட்டத்தில் இருந்தது. காலையில் முதலில் வந்த பெண் வீட்டார் ‘ஊத்தங்கரை’ என்றும் ‘நிச்சயதார்த்தம்’ என்றும் அழகாக எழுதியிருந்தார்கள். அடுத்து வந்தவர் அதற்குக் கீழே இரண்டு புள்ளி போட்டார். அவருக்கு அடுத்தவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் புள்ளி வைத்தார். பக்கம் முடிந்து அடுத்த பக்கத்திலும் புள்ளிகள் இறங்கிக்கொண்டே போயின. செயலாளர் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் வாசித்தார். “குடிநீர் கேன் போடுபவர், ஊர் ஊத்தங்கரை, வந்த நோக்கம் நிச்சயதார்த்தம். வாஷிங் மெஷின் மெக்கானிக், ஊத்தங்கரை, நிச்சயதார்த்தம். கூரியர், ஊத்தங்கரை...” பெண்ணின் அப்பாவும் கூட்டத்தில் நின்றிருந்தார். “சார், நாங்கள் அழைத்தது இருபது பேரைத்தான்” என்றார் தீனமாக.

இரவுக் காவலர் முன்பு பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் எண்ணைக் குறித்துக் கணக்கு முடித்தே பழகியவர். அவருக்கு இந்த நோட்டைப் பார்த்ததும் கை நடுங்கியது. “ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் சார்” என்று ஆரம்பித்தார். அந்த வரிசையில் ஏழாவது ஆள் என் தாய்மாமா.

மாமாவுக்குக் காவேரிப்பட்டணம். அன்று காலை ஒரு கூடை செந்தூரா மாம்பழம் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் மொபெட்டில் திரும்பிவிட்டவர். அவரும் புள்ளி வைத்திருக்கிறார். இரவு பத்தரை மணிக்குப் போனை எடுத்தது அத்தை.

“அம்மா, ஐயா நிச்சயதார்த்தத்துக்கு வந்தாரே, இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா, விட்டுவிட்டார்களா?” என்று கேட்டார் காவலர். அவர் அறிய விரும்பியது அவ்வளவுதான்.

அத்தை அடுத்த நொடியே என்னை அழைத்தார். “யார் வீட்டு நிச்சயதார்த்தம்? என்னிடம் சொல்லாமல் இவர் எங்கே போனார்? எதற்காக உள்ளே வைத்தார்கள்?” பின்னணியில் மாமாவின் குறட்டை கேட்டது. ஆள் பக்கத்திலேயே படுத்திருக்கிறார் என்று நான் சொன்னதில் பாதிக் கேள்விதான் தீர்ந்தது. மறைத்து வைத்த நிச்சயதார்த்தம் எது என்பதை அவர் அந்த வாரம் முழுக்கத் துருவிக்கொண்டிருந்தார்.

இதற்குள் மாடிக்குப் போன இளைஞர்கள் அந்த மர்ம ஆளைக் கூட்டிவந்துவிட்டார்கள். ஏ பிளாக் வீட்டு மாப்பிள்ளை. பெங்களூரிலிருந்து மாலை வந்திருக்கிறார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மாடிக்குப் போய் அலுவலகத்தோடு பேசியிருக்கிறார். வாழ்க்கையில் முதன்முறையாக மாமனார் வீட்டில் இவ்வளவு பேர் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

சரி, நோட்டில் அவர் பெயர் எங்கே? தேடினோம், இல்லை. அவர் வந்த வாடகை டாக்சியின் எண் இருந்தது, ஓட்டுநரின் பெயர் இருந்தது, ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் இருந்தது. பின் இருக்கையில் வந்தவரை யாரும் எழுதவில்லை. இறக்கிவிட்டு இரண்டே நிமிடத்தில் போன ஓட்டுநர் நோட்டில் இன்னும் உள்ளே இருக்கிறார். உள்ளே இருக்கும் மாப்பிள்ளை நோட்டில் வரவே இல்லை. நோட்டு எண்ணியது வண்டியை, எண்ண வேண்டியது தலையை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். கைப்பேசிச் செயலி போடலாம் என்றார் ஒருவர். வருபவருக்கு முன்கூட்டியே எண் அனுப்பலாம், வீட்டுக்காரர் தொட்டால் கேட் திறக்கலாம் என்று படம் காட்டினார். “வெளியே போகும்போது யார் தொடுவார்?” என்று இரவுக் காவலர் பின்வரிசையிலிருந்து கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிறகு அவரே சொன்னார்: “டிக்கெட் கொடுங்கள் சார். இறங்கும்போது திருப்பி வாங்குகிறேன்.”

அப்படித்தான் டோக்கன் வந்தது. ஒன்று முதல் நாற்பது வரை எண் பொறித்த பிளாஸ்டிக் டோக்கன்கள். காவலர் அறையில் நாற்பது ஆணி அடித்த பலகை. உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் ஒன்று. காரில் நான்கு பேர் என்றால் நான்கு. நோட்டில் முதல் கட்டமே டோக்கன் எண். வெளியே போகிறவர் டோக்கனை நீட்டினால் காவலர் ஆணியில் மாட்டிவிட்டு, அந்த எண்ணுக்கு நேரே நேரத்தை எழுதுகிறார். யார் உள்ளே என்று பார்க்க நோட்டைத் திறக்கவே வேண்டாம். காலி ஆணிகளை எண்ணினால் போதும். பணி மாறும்போது இரண்டு காவலர்களும் பலகை முன் நின்று, காலியாக இருக்கும் எண்களை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். 7.45 ஒழிந்தது இந்தக் கையெழுத்தால்தான். வராத டோக்கனுக்கு நேரம் எழுதினால் அடுத்தவர் கேட்பாரே.

டெலிவரிக்குத் தனி நோட்டு. பொட்டலத்தைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர் உள்ளே வருவதே இல்லை, அவருக்கு டோக்கன் எதற்கு? வீட்டு எண், எத்தனை பொட்டலம், வைத்த நேரம், வாங்கியவர் கையெழுத்து; அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது, கடவு எண் சொல்ல வேண்டியது, சூடாக வீட்டு வாசலுக்கு வர வேண்டியது மட்டும் டோக்கனோடு மேலே போகும். பால், பேப்பர், வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு நிரந்தர அட்டை. ஆம்புலன்ஸை நிறுத்தவே கூடாது, கேட்டைத் திறந்துவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பதைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். இது நல்லவேளையாக யாரும் எதிர்க்காத ஒரே தீர்மானம். டெலிவரிப் பையன்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று ஒருவர் கிளப்பினார். ஐந்தாவது மாடிக்கு அவரே ஒரு நாள் படியேறிப் பிரியாணி கொண்டுபோகட்டும் என்று பெண்கள் பக்கம் ஒரு குரல் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

புள்ளி விவகாரத்துக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. ஏ பிளாக்கில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்த தோழிக்கு, நோட்டில் எண் எழுதிய அன்றே தெரியாத ஆளிடமிருந்து ‘ஹாய்’ என்று செய்தி வரத் தொடங்கியிருக்கிறது. அடுத்து எழுத வந்த எவனோ மேல் வரியைப் பார்த்துக்கொண்டான். நம் ஊரில் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்குத்தான். மேசைமேல் விரித்துக் கிடக்கும் காகித நோட்டை அது எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பெண்ணே சட்டை டப்பா அட்டை ஒன்றை வெட்டி, நடுவில் ஒரு வரி அளவுக்குத் துளை போட்டுக் கொண்டுவந்தார். அட்டையை நோட்டின்மேல் வைத்தால் எழுத வேண்டிய வரி மட்டும் தெரியும். மேலே எழுதியது தெரியாது.

மேல்வரி தெரியாவிட்டால் யார்தான் எதற்குக் கீழே புள்ளி வைப்பது? அன்றிலிருந்து குடிநீர் கேன்காரர் குடிநீர் கேனுக்காகவே வருகிறார். பேனா நூலையும் நீட்டிவிட்டோம், அதைச் சொல்ல வேண்டும்.

டோக்கனுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அது மனிதர்களின் சட்டைப்பையை நம்பி ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை மாமா மறுபடியும் வந்தார், இம்முறை அத்தை பெங்களூரா மாங்காய் கொடுத்தனுப்பி, அப்படியே அந்த நிச்சயதார்த்தத்தையும் விசாரித்து வரச் சொல்லியிருந்தார். 17ஆம் எண் டோக்கன் வாங்கினார். போகும்போது கேட்டில் பள்ளி வேன் நின்றதால் காவலர் கவனிக்கவில்லை. மாமா டோக்கனோடு காவேரிப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். இரவு எட்டு மணிக்கு 17ஆம் ஆணி காலி. இரண்டு காவலர்களும் கையெழுத்துப் போட்டார்கள். புதன் இரவும் காலி, வியாழன் இரவும் காலி. “உங்கள் மாமா நிலுவையில் இருக்கிறார் அம்மா” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார் இரவுக் காவலர்.

மாமா அதைக் கூரியரில் அனுப்பினார். அது கேட்டில் வந்து, பொட்டல நோட்டில் ‘ஒரு உறை’ என்று பதிவாகி, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்து, அதே காவலரிடம் திருப்பிக் கொடுத்தேன். ஆணியில் மாட்டினார். வெளியே சென்ற நேரம் எதை எழுதுவது என்பதில் சிக்கல் வந்தது. டோக்கன் வந்த நாளை எழுத வேண்டும் என்றார் செயலாளர், ஆள் போன நாளை எழுத வேண்டும் என்றேன் நான். காவலர் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து, கட்டத்துக்குள் அடங்காமல் ஓரம் வரை எழுதினார்: ‘ஆள் செவ்வாய். டோக்கன் திங்கள். மாங்காய் இன்னும் இருக்கிறது.’