பன்னிரண்டாவது மாதம் வந்த 270 ரூபாய்

2018 கடைசியில்தான் திண்டுக்கல்லில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராகத் தொழில் தொடங்கினேன். உள்ளே நுழைவது கஷ்டமாக இல்லை. பங்குச் சந்தைப் படிப்புகளுக்கான நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஃபைவ்-ஏ தேர்வில் 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. இரண்டு மாதம் படித்தேன். அப்புறம் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து, ஏ.ஆர்.என். என்ற விநியோகஸ்தர் பதிவு எண் வாங்கினேன். சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

நான் நுழைந்த நேரத்தில்தான் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கமிஷன் முறையை மாற்றியிருந்தது. பணம் போட்டதும் மொத்தமாகக் கிடைக்கும் கமிஷனை நிறுத்திவிட்டார்கள். வாடிக்கையாளரின் பணம் ஃபண்டில் இருக்கும் வரை, அதன் மதிப்பில் ஒரு சிறு சதவீதம் மாதாமாதம் வரும், அவ்வளவுதான். இதை டிரெயில் என்போம். முதலீட்டாளருக்கு இது நல்லது. புதிதாக வருபவர்தான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஒருவர் எஸ்.ஐ.பி. முறையில், அதாவது மாதத் தவணையாக, 5,000 ரூபாய் ஃபண்டில் போடுகிறார் என்று வையுங்கள். வருடக் கடைசியில் 60,000 சேரும், ஆனால் அந்த வருடம் முழுக்க சராசரியாக ஃபண்டில் இருந்தது 32,500 மட்டுமே. டிரெயில் 0.8 சதவீதம் என்றால், அவரால் எனக்கு வருடம் முழுவதற்கும் 260 ரூபாய். முதல் வருடத்தில் எனக்கு 22 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். எல்லாருடைய பணமும் சேர்ந்து நாலு லட்சம். பன்னிரண்டாவது மாதம் என் வங்கிக் கணக்கில் வந்தது 270 ரூபாய். இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுத்தும், மனைவியின் சம்பளத்திலும்தான் குடும்பம் ஓடியது.

அந்த நெருக்கடியில்தான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து, 2019 ஜூலையில் 58 வயதில் ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கையில் 24 லட்சம். வங்கியில் ஒருவர் பத்து லட்சத்துக்கு ஒரு திட்டம் சொல்லி, படிவத்தில் கையெழுத்து மட்டும் மிச்சம் வைத்திருந்தார். "ஒரு தடவை கட்டினா போதும்னாங்க தம்பி" என்றார். படிவத்தை வாங்கிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் 'பிரீமியம் செலுத்தும் காலம்' என்ற கட்டத்தில் 10 என்று இருந்தது. அது இன்சூரன்ஸ் பாலிசி. வருடம் பத்து லட்சம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டியது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

முழுப் பணத்தையும் ஃபண்டில் போட வைத்திருந்தால் எனக்கு வருடம் 19,200 ரூபாய். அன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை. ஆனால் பென்ஷன் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போகும், மகளின் படிப்புக்குத் தவறாமல் பணம் வேண்டும் என்றார். அதனால் 15 லட்சத்தைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொன்னேன். அப்போது உச்ச வரம்பே அதுதான். வட்டி 8.6 சதவீதம், காலாண்டுக்கு 32,250. அறுபது ஆகாதவர் என்பதால், அப்போதைய விதிப்படி ஓய்வூதியப் பலன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கணக்குத் தொடங்கியாக வேண்டியிருந்தது. அந்தத் தேதி தவறக்கூடாது என்று நானே கூடப் போனேன். ஏழு லட்சம் வங்கி டெபாசிட்டுக்குப் போனது. மீதி இரண்டு லட்சம்தான் ஃபண்டுக்கு வந்தது. தபால் நிலையப் பணத்தில் எனக்கு ஒரு பைசா கிடையாது.

2020 பிப்ரவரியில் 12,000-க்கு மேலிருந்த பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி, மார்ச்சில் 7,610-க்கு விழுந்தது. 22 பேரில் ஏழு பேர் எஸ்.ஐ.பி.யை நிறுத்தினார்கள். எவ்வளவு பேசியும் பலனில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவசரத்துக்குத் தனியாகப் பணம் வைத்திருக்கிறார்களா என்று கேட்காமலே ஆரம்பித்து வைத்தவன் நான். சிஸ்டருக்கு ஏப்ரல் 1 அன்று தபால் நிலைய வட்டி வந்துவிட்டது. ஃபண்டைத் தொடும் அவசியம் அவருக்கு வரவில்லை. அந்த வருடமே அவருடைய பழைய வார்டிலிருந்து ஒவ்வொருவராகப் பதினோரு பேர் வந்தார்கள். அதன் பிறகு யாரையும் செலவுக் கணக்கு எழுதி வாங்காமல் நான் சேர்த்ததில்லை.

2020-லேயே இன்னொரு மாற்றம் வந்தது. செபியில் ஆலோசகராகப் பதியாதவர் பெயரோடு 'ஆலோசகர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றார்கள். 'ஆலோசகர்' என்றிருந்த என் பலகையை மாற்றினேன். பதிவு பெற்ற ஆலோசகராகலாமா என்றும் யோசித்தேன். அதற்கு டென்-ஏ, டென்-பி என்று இரண்டு தேர்வுகள், கமிஷனை விட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்க வேண்டும். மாதம் 2,000 ரூபாய் போடுபவரிடம் கட்டணம் கேட்க முடியாது, என்னிடம் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள். விநியோகஸ்தராகவே இருந்துவிட்டேன்.

ஐந்தாம் வருடக் கடைசியில் நிர்வகிக்கும் தொகை மூன்று கோடியைத் தொட்டது. மாதம் 20,000 வந்தது. அதற்கப்புறம்தான் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுவதை நிறுத்தினேன்.

2024-இல் சிஸ்டரின் தபால் நிலைய டெபாசிட் முதிர்ந்தது. இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப் படிவம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மகளின் பான் கார்டை எடுத்து நீட்டினார். வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், எஸ்.ஐ.பி. போட வேண்டுமாம். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, ஆதாரில் வெறும் இனிஷியல். கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு இதில்தான் மாட்டும். முதலில் ஆதாரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னேன்.